எத்தனை தாள் விலக்கு, யார் கையொப்பம்? ஏசிசிஏ, எம்பிஏ, அரசாங்க வேலை பற்றி

கேள்வி: "வயது 26. வணிக நிர்வாகப் பட்டம், சராசரிப் புள்ளி 2.9. கணக்கியல் பாடங்கள் சில படித்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு வாணிப நிறுவனத்தில் கணக்கு உதவியாளர், சம்பளம் 2,700 ரிங்கிட். எனக்கு ஏசிசிஏ ஆசை. அண்ணன் எம்பிஏ படி என்கிறார். அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரசாங்கத் தேர்வுக்குத் தயார் செய் என்கிறார். சென்னையில் இருக்கும் மாமா அங்கே வந்து சிஏ முடி என்கிறார். வேலையை விட முடியாத நிலை. செலவு, வருடம், பலன் மூன்றையும் பார்த்தால் எது சரி?"

ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தில் 9 வருடம், பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் நிதிப் பிரிவில் 14 வருடம் வேலை செய்திருக்கிறேன். இந்த வருடங்களில் பலரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஏசிசிஏ எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அரசாங்கத்தில் நான் பணியாற்றியதில்லை. அந்தப் பக்கம் பற்றிச் சொல்வது, என்னிடம் இருந்து அங்கே போனவர்கள் வழியாக அறிந்தது.

மாமா சொல்லும் யோசனையை முதலில் ஒதுக்கிவிடலாம். இந்தியாவில் சிஏ என்பது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் தேர்வு. தாள்களோடு, அந்தக் கழகத்தின் உறுப்பினர் ஒருவரிடம் 2 வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் முழுநேரமாகச் செய்ய வேண்டும். வேலையை விட முடியாத ஒருவருக்கு அது நடக்காது. நம் நாட்டில் அந்தப் பட்டம் வேறு வழியில் வருகிறது. 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவர்தான் இங்கே பட்டயக் கணக்காளர். அங்கீகரிக்கப்பட்ட கணக்கியல் பட்டமும் அனுபவமும் இருந்தால் பதியலாம். அல்லது பிரிட்டனின் ஏசிசிஏ போன்ற தொழில்முறை அமைப்பில் முழு உறுப்பினராகிப் பதியலாம். உங்கள் பட்டம் வணிக நிர்வாகம் என்பதால் முதல் வழி உங்களுக்கு அடைபட்டிருக்கிறது. ஏசிசிஏ வெறும் ஆசையாக இருக்க வேண்டியதில்லை, உங்களுக்கு அது நியாயமான வாசல்தான். ஆனால் அதன் நீளத்தைத் துல்லியமாக அளந்த பிறகே பணம் கட்டுங்கள்.

அளக்கும் விதம் இது. ஏசிசிஏவில் இப்போதைய அமைப்பில் 13 தாள்கள். அடிப்படை நிலையில் 3, திறன் நிலையில் 6, தொழில்முறை உயர்நிலையில் 4. ஏற்கெனவே படித்த பட்டத்தைப் பொறுத்து சில தாள்களுக்கு விலக்கு கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற கணக்கியல் பட்டதாரிக்கு 9 தாள் வரை விலக்கு உண்டு, 4 தாளோடு முடித்துவிடுவார். வணிக நிர்வாகப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4தான். கல்லூரி விளம்பரங்களில் "விரைவாக முடிக்கலாம்" என்று போடுவது அந்த 9 விலக்குக்காரரை மனதில் வைத்து. ஏசிசிஏவின் இணையதளத்தில் விலக்குக் கணிப்பான் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தின் பெயரையும் முடித்த ஆண்டையும் கொடுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். மற்ற எதற்கும் முன்னால் அதைப் பாருங்கள். 2027 முதல் ஏசிசிஏ தன் பாடத்திட்டத்தை மாற்றியமைக்கிறது. ஆகவே பதியும்போது உங்கள் தாள்கள் புதிய அமைப்பில் எப்படி மாறும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4 விலக்கு என்று வைத்துக்கொள்வோம். மீதி 9 தாள். தேர்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என வருடத்துக்கு நான்கு முறை. காலையில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் இரவு 8 மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வருடத்துக்கு 3 தாளுக்கு மேல் திட்டமிடாதீர்கள். மார்ச்சில் எழுத முடியாமல் போவதற்கு ஆண்டுக் கணக்கு முடிப்பே போதும். ஒரு தாளும் தவறாவிட்டால் 3 வருடம். தவறும். திறன் நிலையின் சில தாள்களில், குறிப்பாகச் செயல்திறன் நிர்வாகத்திலும் தணிக்கையிலும், உலக அளவில் தேறுவோர் நூற்றுக்கு 40ஐ ஒட்டித்தான் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு மூன்று தாளை மறுபடி எழுதுவதாகவே கணக்கிட்டு 4 வருடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அப்போது வயது 30 ஆகியிருக்கும்.

செலவு பவுண்டில் போவது பலர் மறக்கும் விஷயம். திறன் நிலைத் தாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 பவுண்ட், உயர்நிலைத் தாள்களுக்கு அதைவிடக் கூடுதல். வருடச் சந்தா ஏறக்குறைய 140 பவுண்ட். விலக்கு பெற்ற தாளுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். எல்லாம் கூட்டினால் 4 வருடத்தில் 2,500 பவுண்ட் சுற்றி வருகிறது. பவுண்ட் 5.70 ரிங்கிட் என்று வைத்தால் 14,000 ரிங்கிட்டைத் தாண்டும். வகுப்புக் கட்டணம் தனி. ஒரு தாளுக்குச் சராசரி 1,800 ரிங்கிட் என்றால் 9 தாளுக்கு 16,200. மொத்தம் 30,000 ரிங்கிட், மாதத்துக்கு 630 ரிங்கிட் அளவு. மறுதேர்வுக் கட்டணம் இதில் சேராது. உங்கள் சம்பளத்தில் இது கனமான பாரம், ஆனால் ஒரே நாளில் கட்டுவதில்லை. எழுதும் தாளுக்கு மட்டும் அவ்வப்போது கட்டுகிறீர்கள், நிறுத்தினால் அத்தோடு நின்றுவிடும். எம்பிஏவில் முதல் பருவத்திலேயே பெரிய தொகைக்கு உடன்பட்டுவிடுகிறோம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லூரி முகவர்கள் "படிப்புக்கு 7,000 ரிங்கிட் வரிக்கழிவு உண்டு" என்பார்கள். சட்டத்தில் அது உண்மை. உங்களுக்கு அதனால் ஒரு காசும் மிச்சமில்லை. வருடச் சம்பளம் 32,400, அதில் தனிநபர் கழிவு 9,000, ஊழியர் சேமநிதி ஏறக்குறைய 3,500 போனால் வரிக்கு உட்பட்ட வருமானம் 20,000க்குள் வந்துவிடும். அதற்கு வரியே 150 ரிங்கிட்தான். 35,000க்குக் குறைவான வருமானத்துக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி இருப்பதால் அதுவும் இல்லாமல் போகிறது. ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கும் வழி உங்களுக்கு அதைவிடப் பயன்படும், ஆனால் சேர்ந்திருக்கும் தொகையைப் பார்த்து எடுங்கள்.

பணமும் வருடமும் இப்படிக் கணக்கில் வந்துவிடும். என் கண் முன்னால் ஆட்களை வீழ்த்தியவை வேறு இரண்டு.

முதலாவது விலக்கு. ஒரு பையன் கணக்கியல் பட்டத்தோடு வந்தான். 9 விலக்கு, நேராக உயர்நிலை. நிறுவன அறிக்கையிடல் தாளில் 44, அடுத்த முறை 47, அதற்கடுத்து 49. தேற 50 வேண்டும். மூன்று முறையும் அவன் கடைசிப் பகுதியில் நேரம் போதவில்லை என்றே சொன்னான். நான் ஒரு தாளில் சின்னக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். தாய் நிறுவனம் ஒன்று இன்னொன்றின் 80 விழுக்காட்டுப் பங்கை 500,000 ரிங்கிட்டுக்கு வாங்குகிறது. வாங்கிய நாளில் அந்தத் துணை நிறுவனத்தின் பங்கு மூலதனம் 200,000, சேர்த்து வைத்த லாபம் 300,000. இன்று சேர்த்து வைத்த லாபம் 380,000. சிறுபான்மைப் பங்கை நிகரச் சொத்தின் விகிதப்படி மதிப்பிட்டு, நற்பெயர், அதாவது நிகரச் சொத்தில் வாங்கிய பங்கைவிடக் கூடுதலாகக் கொடுத்த விலை எவ்வளவு, குழுமத்தின் லாபத்தில் எவ்வளவு சேரும் என்று கேட்டேன்.

நற்பெயரைச் சரியாகப் போட்டான். நிகரச் சொத்து 500,000, அதில் 80 விழுக்காடு 400,000, கொடுத்தது 500,000, ஆக நற்பெயர் 100,000. அடுத்ததில் 380,000இன் 80 விழுக்காட்டை எடுத்து 304,000 என்று எழுதினான். அந்த 300,000 வாங்குவதற்கு முன்பே இருந்த லாபம். அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறோம், அது நற்பெயர்க் கணக்கில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. குழுமம் சம்பாதித்தது வாங்கிய பிறகு வந்த 80,000இல் 80 விழுக்காடு, 64,000 மட்டும்தான். இது திறன் நிலையின் நிதி அறிக்கைத் தாளில் படிப்பது. அவன் அதைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் எழுதித் தேறி, விலக்கும் வாங்கி, நான்கு வருடத்தில் மறந்துவிட்டிருந்தான். உயர்நிலைத் தாள் இதை நேரடியாகக் கேட்பது குறைவு. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று விளக்கச் சொல்லும். அடிப்படை ஆட்டம் கண்டிருப்பவன் விளக்கத்தை எழுதி எழுதி அடிப்பான், நேரம் அங்கேதான் போனது. இரண்டு மாதம் பழைய தாளின் புத்தகத்துக்குத் திரும்பினான். நான்காவது முறை 56 எடுத்துத் தேறினான்.

உங்களுக்கு விலக்கு குறைவு என்பது ஒரு வகையில் பாதுகாப்பு. நிதி அறிக்கைத் தாளை நீங்கள் எழுதியே தீர வேண்டும். முதல் தாளாக அதையே எடுங்கள். மேலே உள்ள கணக்கைப் புத்தகம் பார்க்காமல் போட முடிகிறதா என்று இன்றே பார்க்கலாம். முடியாவிட்டால் விலக்கு கிடைத்த அடிப்படைக் கணக்கியலை ஒரு மாதம் புரட்டிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது தாளாக வரிவிதிப்பு. அதில் மலேசிய வடிவம் என்று தனியாக உண்டு, அது ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும்தான் நடக்கும். செப்டம்பருக்குத் திட்டமிட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் வேலை செய்யப்போகும் நீங்கள் வேறு நாட்டு வரியைப் படித்துப் பயனில்லை. இந்த இரண்டு தாளும் உங்களுக்கான சோதனை. வேலை பார்த்துக்கொண்டே 12 மாதத்தில் இரண்டையும் தேறினால் மீதி 7ஐயும் முடிப்பீர்கள் என்று நான் நம்புவேன். இரண்டிலும் 40க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு தாளின் செலவோடு இழப்பு முடிந்துவிடும். 45, 48 என்று வந்தால் அது வேறு. அது பயிற்சிக் குறைவு, சரி செய்யக்கூடியது.

இரண்டாவது, கையொப்பம். 13 தாளும் தேறினால் ஏசிசிஏ உறுப்பினர் ஆகிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். 36 மாதத் தொடர்புடைய அனுபவமும் வேண்டும். அதோடு வேலையில் 9 செயல்திறன் இலக்குகளை அடைந்ததாக எழுதிக் காட்ட வேண்டும். அந்த இலக்குகளுக்குக் கையொப்பமிடுபவர் தகுதி பெற்ற கணக்காளராக இருக்க வேண்டும். எங்கள் பிரிவுக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு பெண் எல்லாத் தாள்களையும் முடித்திருந்தார். 5 வருடமாக ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்குகளைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தவர். முதலாளி நல்ல மனிதர், ஆனால் கணக்காளர் அல்லர். அவரால் கையொப்பமிட முடியவில்லை. வேலையும் பெரும்பாலும் பில் பதிவதும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதுமாக இருந்ததால், இலக்குகளில் பாதிக்கு எழுதவே எதுவும் இல்லை. எங்களிடம் வந்து மேலும் இரண்டு வருடம் கழித்தே அவர் உறுப்பினரானார்.

உங்கள் நிலையும் இதற்கு நெருக்கமாகத் தெரிகிறது. வாணிப நிறுவனத்தில் மேலே தகுதி பெற்ற கணக்காளர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால், உங்கள் நிறுவனத்தின் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்பவர் உங்கள் வேலையை அறிந்திருந்தால் அவரைக் கேட்கலாம், ஏசிசிஏ அதை அனுமதிக்கிறது. அதுவும் இல்லையென்றால், முதல் இரண்டு தாள் தேறியவுடன் வேலையை மாற்றுங்கள், அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள். தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தால் தொடக்கத்தில் சம்பளம் இப்போதையதைவிடப் பெரிதாக உயராது, டிசம்பர் முதல் ஜூன் வரை இரவுகள் நீளும். ஆனால் 20 நிறுவனங்களின் கணக்கை ஒரே வருடத்தில் பார்ப்பீர்கள், கையொப்பமிட ஆளும் இருப்பார்.

சிறிய தணிக்கை அலுவலகத்தைத் தேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனப் பதிவு ஆணையம் தணிக்கை விலக்குக்கான வரம்பைப் படிப்படியாக உயர்த்துகிறது. ஆண்டு வருமானம், சொத்து, ஊழியர் எண்ணிக்கை என்ற மூன்றில் இரண்டிலாவது வரம்புக்குள் இருக்கும் தனியார் நிறுவனங்களுக்குத் தணிக்கை தேவையில்லை. 2025இல் தொடங்கிய நிதியாண்டுக்கு வருமான வரம்பு 1 மில்லியன் ரிங்கிட், 2027இல் அது 3 மில்லியன். சின்னக் கடைகளின் தணிக்கையை நம்பியிருக்கும் அலுவலகத்துக்கு வேலை குறையும். வரி, மின்விலைப்பட்டியல், ஆலோசனை என்று வேறு வேலையும் செய்கிற அலுவலகமாகப் பார்த்துச் சேருங்கள். பலனைப் பொறுத்தவரை, பினாங்கில் நான் ஆள் எடுத்த அனுபவத்தில், உறுப்பினராகி 3 வருட அனுபவத்தோடு வருபவரிடம் 6,000 ரிங்கிட்டை ஒட்டிப் பேசத் தொடங்குகிறோம். கோலாலம்பூரில் அதைவிடக் கூடுதல், வாடகையும் அப்படியே.

அண்ணன் சொல்லும் எம்பிஏவை நான் குறைவாக நினைக்கவில்லை. அதன் காலம் இப்போது இல்லை என்பதே என் கருத்து. இங்கே பகுதிநேரத்தில் ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடியும். கட்டணம் பெரும்பாலும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை. 2.9 புள்ளிக்கு இடமும் கிடைக்கும். ஆனால் கணக்குப் பிரிவில் விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது, கணக்கு உதவியாளர் அனுபவமும் எம்பிஏவும் உள்ளவருக்கு நான் கூடுதலாக ஒரு ரிங்கிட்டும் கொடுத்ததில்லை. கொடுக்கக் காரணமே இல்லை. குழுவை நடத்தியவருக்கு, வரவு செலவுத் திட்டத்தின் மேல் சண்டை போட்டவருக்கு, அந்த வகுப்பில் கேட்பது உடனே பயன்படும். எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர் ஒருவர் 38 வயதில் எம்பிஏ செய்தார். பாதிக் கட்டணத்தை நிறுவனமே கட்டியது, அடுத்த வருடமே தலைமைப் பொறுப்புக்குப் போனார். நீங்களும் நிதி மேலாளராகி 35 வயதில் நினைத்துப் பாருங்கள். கணக்கியலே வேண்டாம், விற்பனைக்கோ மனிதவளத்துக்கோ மாற விரும்புகிறேன் என்றால் மட்டும் இப்போது பேசலாம்.

அப்பாவின் யோசனையில் "எல்லாவற்றையும் விட்டுவிட்டு" என்பதுதான் தவறு. தமிழ்நாட்டில் தேர்வு எழுதும் உறவுப் பிள்ளைகளைப் பார்த்து நம் பெரியவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது. அங்கே பாடத்திட்டம் வெளியிட்டுத் தேர்வு நடக்கும், இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தால் மதிப்பெண் கூடும். இங்கே பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9 பதிவில் பெயரைப் பதிந்து வைத்திருக்க வேண்டும், காலி இடம் வரும்போது விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு எந்தப் பட்டதாரியும் போட்டியிடலாம். எழுத்துத் தேர்வு, பிறகு மதிப்பீட்டு முகாம், பிறகு நேர்காணல். பொது அறிவு, பிரச்சினையைத் தீர்ப்பது, மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகப் பேசுவது இவையே சோதிக்கப்படுகின்றன. வேலையை விட்டு வருடக்கணக்கில் உட்காருவதால் இவை பெரிதாகக் கூடுவதில்லை. என்னிடம் இருந்து போன இருவரும் வேலையில் இருந்துகொண்டே, நாளிதழை விடாமல் படித்து, மூன்று நான்கு வாரம் பழைய கேள்விகளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். ஒருவருக்கு இரண்டாவது முயற்சியில் கிடைத்தது.

அரசாங்கக் கணக்காளர் பதவிக்கு, மலேசியக் கணக்காளர் கழகப் பதிவுக்குத் தகுதியான கணக்கியல் பட்டம் கேட்கிறார்கள். உங்கள் பட்டத்தோடு அதற்கு இப்போது விண்ணப்பிக்க முடியாது. ஏசிசிஏ முடிந்தால் அந்தப் பக்கமும் கதவு திறக்கலாம். வருமான வரி வாரியம் போன்றவை தாங்களே தனியாக ஆள் எடுக்கின்றன, அவற்றின் அறிவிப்புகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஓய்வூதியத்தை நினைத்து அப்பா சொல்கிறார் என்றால், 2024 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்ததை அவரிடம் காட்டுங்கள். புதிதாகச் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, ஊழியர் சேமநிதிதான் என்று சொல்லிவிட்டார்கள். வேலைப் பாதுகாப்பும் விடுமுறையும் இன்னும் நல்லவையே. சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றினால் போகத் தயாரா என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

ஆகவே அப்பாவோடு வாதாட வேண்டாம். இந்த வாரமே எஸ்பிஏ9இல் பதியுங்கள், செலவில்லை. எஸ்பிஎம் மலாய்ப் பாடத்தில் கிரெடிட் வாங்கிய சான்றிதழ் கையில் இருக்கட்டும், நிரந்தரப் பணிக்கு அது இல்லாமல் நகராது. பதிவு ஒரு வருடம்தான் செல்லும், காலாவதியாகும் முன் புதுப்பிக்க நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதே வாரத்தில் விலக்குக் கணிப்பானைப் பார்த்துவிட்டு, உங்கள் நிறுவனத்தில் கையொப்பமிடக்கூடிய கணக்காளரோ தணிக்கையாளரோ இருக்கிறாரா என்று விசாரித்து எழுதுங்கள். அந்த இரண்டு பதிலும் தெரிந்தால், நிதி அறிக்கைத் தாளை ஜூனில் எழுதுவதா செப்டம்பரில் எழுதுவதா என்பதை வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துச் சேர்ந்து கணக்குப் போடலாம்.